குவியலின் சூடு சொல்வது

உங்கள் முன்னால் வரப்பு போல நீண்டு கிடப்பது சந்தைக் கழிவும் காய்ந்த இலையும் கலந்த உரக்குவியல். உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். இதில் செருகியிருக்கும் நீளக் கம்பிதான் வெப்பமானி. அதன் முனை குவியலின் நடுவயிற்றைத் தொடும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள்தான் உள்ளே சூட்டைக் கிளப்புகின்றன.

அந்தச் சூடு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். ஓரத்தில் ஆறிக் கிடப்பதும் நடுவே வந்து வெந்தால்தான் நோய்க்கிருமிகள் சாகும். 70-ஐ நெருங்கினாலோ உரமாக்கும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும். அப்போதும் புரட்டி ஆற்றுவார்கள்.

எட்டாம் நாள் 62-லிருந்து 45-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். உரம் தயார் என்று நினைத்தால் ஏமாந்தோம். பணியாளர் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிகிறார். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் ஈரம் சரி. நீர் வழிந்து, அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் காற்று புகவில்லை. சருகு சேர்த்துப் புரட்ட வேண்டும். கை திறந்ததும் உதிர்ந்தால், தண்ணீர் தெளித்தபடி புரட்ட வேண்டும். ஓரிரு நாளில் சூடு திரும்பிவிடும். ஈரமும் காற்றும் இருந்தும் பல வாரம் கழித்துச் சூடு ஏறாவிட்டால்தான் அடுத்த கட்டமான முதிரவிடுதல்.

மூக்கை எரிக்கும் அமோனியா நெடி வேறு கதை. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். பச்சைக் கழிவு மிகுந்தால் நைட்ரஜன் காற்றில் பறந்துவிடும். அதற்கும் சருகுதான் மருந்து. மழைக்காலத்தில் காய்ந்த சருகு குதிரைக்கொம்பு என்பதால், கோடையிலேயே மூட்டை கட்டிக் கூரைக்கடியில் அடுக்கிவைப்பது நல்லது.