செக் திரும்பிய பிறகு: வக்கீல் நோட்டீஸைச் சரிபார்ப்பது எப்படி?

வாடிக்கையாளர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி வழக்குப் போடலாம். அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். இந்த நோட்டீஸுக்கென்று சட்டம் எந்தப் படிவத்தையும் வகுக்கவில்லை. ஆனால் அதில் கேட்கும் தொகையும் அது அனுப்பப்படும் நாளும் தவறினால் வழக்கே நிற்காது. வரைவை எழுதுபவர் வக்கீல் என்றாலும், கணக்கும் கடிதங்களும் கடைக்காரரிடம்தான் இருக்கின்றன. ஆகவே கையெழுத்தாகும் முன் அதைப் படித்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் அவருடையதே.

திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்து விற்கும் ஒரு சிறு தொழிலை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பிய சரக்கின் பில் ரூ.4,12,500. முன்பணமாக வந்தது ரூ.1,50,000. மீதி ரூ.2,62,500-இல் இரண்டு லட்சத்துக்கு மட்டும், 2025 மார்ச் 3 தேதியிட்ட காசோலை ஒன்று வந்து, அது திரும்பியும்விட்டது. வக்கீல் அலுவலகத்து வரைவு இப்படி முடிகிறது: “மீதித் தொகை, வட்டி, நோட்டீஸ் செலவு ஆகியவற்றைச் சேர்த்து ரூ.2,81,250-ஐ 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்.” கூட்டலில் பிழையில்லை. மீதித் தொகையும், பில்லில் கண்ட 18 சதவீத வட்டிக்கு நான்கு மாதத்துக்கான ரூ.15,750-உம், செலவு ரூ.3,000-உம் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். இருந்தும் நோட்டீஸ் செல்லாமல் போகக்கூடிய இடம் இதுவே.

138-வது பிரிவு கேட்கச் சொல்வது காசோலையில் எழுதிய தொகையை. மொத்தப் பாக்கியை அல்ல. 2007-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ராகுல் பில்டர்ஸ் வழக்கில் காசோலை ஒரு லட்சத்துக்கு இருந்தது. நோட்டீஸோ எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பில் பாக்கி முழுவதையும் கேட்டது. வழக்கு தோற்றது. 2025 செப்டம்பரில் தீர்ப்பான காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கு இன்னும் கடுமையானது. ஒரு கோடி ரூபாய்க் காசோலைக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எண்ணில் ஏற்படும் கைப்பிழைக்கு இந்தச் சட்டத்தில் மன்னிப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

வட்டியும் செலவும் கேட்கவே கூடாது என்பதில்லை. காசோலைத் தொகை தனியாகத் தெரியும்படி கேட்கப்பட்டிருந்தால், மற்றவற்றைப் பிரித்துச் சொல்வது நோட்டீஸைக் கெடுக்காது என்று 2000-ஆம் ஆண்டின் சுமன் சேத்தி வழக்கு சொல்கிறது. எனவே திருப்பூர் வரைவில் ஒரு பத்தி காசோலைத் தொகையான ரூ.2,00,000-ஐ மட்டும் கேட்க வேண்டும். பில்லில் எஞ்சிய ரூ.62,500, வட்டி, செலவு ஆகியவை அடுத்த பத்தியில் தனித்தனியாக வரலாம். அவற்றுக்கு வேறொரு நோட்டீஸே அனுப்பிவிடுவது இன்னும் நிம்மதி.

தொகையைச் சரிபார்க்கும்போது நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் கண் ஏமாந்துவிடும்; எழுதியிருப்பது எல்லாமே சரியாகத்தான் தோன்றும். அசல் காசோலையை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் நோட்டீஸில் ஒத்துப்பார்ப்பதே நல்ல முறை. காசோலை எண், தேதி, வங்கிக் கிளை, எண்ணால் எழுதிய தொகை, எழுத்தால் எழுதிய தொகை எல்லாம் அப்படியே வர வேண்டும். பழைய நோட்டீஸை எடுத்துத் திருத்தி எழுதும் பழக்கத்தால் “ரூ.2,00,000” என்பதற்குப் பக்கத்தில் முந்தைய வழக்கின் “ரூபாய் எழுபத்தைந்தாயிரம்” தங்கிவிடுவது உண்டு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காசோலை கொடுத்த பிறகு எதிர்த்தரப்பு ஏதாவது பணம் அனுப்பியதா? கைபேசியில் யு.பி.ஐ. வழியாக வந்த சிறு தொகைகளைக் கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பகுதிப் பணம் பெற்றுக்கொண்டு, அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் 138-வது பிரிவு பொருந்தாது என்பது 2022-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நோட்டீஸைத் திருத்தி இந்தக் கோளாறைச் சரிசெய்ய முடியாது. ஆனால் வக்கீலுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது தேதி. காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்து 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது வழக்கம். திருப்பூர் உதாரணத்தில் ரிட்டர்ன் மெமோவின் தேதி மார்ச் 12. கடைக்காரர் அதை வங்கியில் வாங்கியது மார்ச் 14. பதினான்கிலிருந்து கணக்கிட்டால் கடைசி நாள் ஏப்ரல் 13. அது ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் சித்திரை முதல் நாள் விடுமுறை. மெமோ தேதியிலேயே வங்கியின் குறுஞ்செய்தி வந்திருந்தால், தகவல் கிடைத்தது அன்றுதான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அப்போது கெடு ஏப்ரல் 11-லேயே முடிகிறது. முந்தைய தேதியைப் பிடித்துக்கொண்டு, கடைசி வாரம் வரை இழுக்காமல் தபாலில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். நோட்டீஸின் தலைப்பில் உள்ள தேதிக்கும் தபால் ரசீதின் தேதிக்கும் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது.

பணம் கட்டச் சட்டம் தரும் 15 நாள், நோட்டீஸ் அவர் கைக்குப் போன பிறகே தொடங்குகிறது. “இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து” என்று வரைவில் இருந்தால் “இந்த நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து” என்று மாற்ற வேண்டும். ஏப்ரல் 8-இல் நோட்டீஸ் கிடைத்தால் 23 வரை அவருக்கு அவகாசம் உண்டு. அதற்கு முன்பே தாக்கல் செய்யும் புகார் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அவகாசம் முடிந்தபின் புகாருக்கு ஒரு மாதம் இருக்கிறது.

தொனியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கோபத்தில் எழுதும் வரைவு, “திட்டமிட்ட மோசடிக்காரரான தங்களைப் போலீஸ் மூலம் கைது செய்து சிறையில் தள்ளுவோம்” என்கிறது. செக் வழக்கு போலீஸ் நிலையத்தில் தொடங்குவதில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகாராகத் தொடங்குகிறது. நடக்காததைச் சொல்லும் மிரட்டலை எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்; மோசடிக்காரர் என்ற சொல் அவதூறு என்ற எதிர்ப்புகாருக்கும் வழிவிடும். பல வருட வாடிக்கையாளர் என்ற தயக்கத்தில் எழுதும் வரைவோ, “தங்கள் சிரமத்தை உணர்கிறோம், இயன்றபோது அனுப்பி உதவவும்” என்று குழைகிறது. அதில் கோரிக்கையும் இல்லை, கெடுவும் இல்லை. அதை நோட்டீஸ் என்று நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது கடினம்.

உறுதியான வாக்கியம் அலங்காரமில்லாமல் இருக்கும்: “காசோலைத் தொகையான ரூ.2,00,000-ஐ இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் என் கட்சிக்காரருக்குச் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி தங்கள் மீது நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யப்படும்.” “தாங்கள்” என்ற மரியாதை இதைப் பலவீனமாக்காது. அடைமொழிகளை அடித்துவிட்டு, நடந்ததைத் தேதி வரிசையில் வைத்தாலே போதும்.

அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால், 30 நாள் கெடு மிச்சமிருக்கும் வரை, பழையதைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிச் சரியான தொகையுடன் புதிய நோட்டீஸ் அனுப்ப வக்கீலிடம் கேட்கலாம். கெடு போய்விட்டிருந்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. காசோலைக்கு அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆயுள். அதற்குள் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால், அந்தத் தகவலிலிருந்து புதிய 30 நாள் கிடைக்கும். இதை 2012-இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. திருப்பூர்க் காசோலைக்கு அந்த வாய்ப்பு ஜூன் தொடக்கத்தோடு முடிந்துவிடும். அதன்பின் பணத்துக்கு உரிமையியல் வழக்குத்தான்.