ஷீட்டில் விலை மாறினால் சேனலிலும் மாறட்டும்

கிரயம் முடிந்து இரண்டு வாரமான மனைக்கு இன்னும் போன் வருகிறது என்பது சொத்துத் தரகர்களின் தீராத புலம்பல். "அது முடிஞ்சிடுச்சு சார்" என்றதும், "அப்புறம் எதுக்குப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று எதிர்முனையில் எரிச்சல் வரும். விளம்பரம் போடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நாற்பது சொத்துகளைக் கையில் வைத்திருப்பவர், விலை குறைந்ததும் பழைய விளம்பரம் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பிடித்துத் திருத்துவதுதான் நடக்காத காரியம். அந்த ஞாபக வேலையை இயந்திரத்திடம் தள்ளிவிடலாம்.

இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம். விவரங்களுக்கு கூகுள் ஷீட், படங்களுக்கு கூகுள் டிரைவ், விளம்பரத்துக்கு ஒரு டெலிகிராம் சேனல், இவற்றை இணைக்க ஷீட்டோடு இலவசமாகவே வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். டெலிகிராமில் @BotFather என்ற கணக்கிடம் கேட்டால் ஒரு பாட்டும் அதற்கான ரகசியச் சாவியும் கிடைக்கும். அந்த பாட்டை சேனலில் அட்மினாகச் சேர்த்துவிட்டால், அது பதிவு போடும். தான் போட்டதைப் பின்னால் திருத்தவும் செய்யும். சாவியை மட்டும் ஷீட்டின் கட்டத்தில் எழுதி வைக்காதீர்கள். ஷீட்டைப் பார்க்கும் யாரும் உங்கள் பெயரில் விளம்பரம் போட்டுவிடலாம். ஸ்கிரிப்டின் Script Properties பகுதியில் வைப்பதுதான் முறை.

ஒரு உதாரணம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் 2,400 சதுர அடியில் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் அதற்கு ஒரு வரிசை: சொத்து எண் TJ-042, இடம், பரப்பு 2400, சதுர அடி விலை 1900. மொத்த விலையைக் கையால் அடிக்காமல் ஃபார்முலாவிடம் விட்டால் 45,60,000 என்று தானே வரும். விலைக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டிவிடுங்கள். ஒருவர் '45.6 ல' என்றும் இன்னொருவர் '45 லட்சம் (பேசலாம்)' என்றும் எழுத ஆரம்பித்தால் ஸ்கிரிப்டுக்கு விலையே தெரியாது. அடுத்து 'நிலை', அதன் பக்கத்தில் 'தயார்' என்ற டிக் பெட்டி. பாதி நிரப்பிய வரிசை சேனலுக்குப் போய்விடாமல் காப்பது இந்த டிக்தான்.

படங்களில்தான் முதல் சறுக்கல் வரும். பலரும் டிரைவில் 'பகிர்' அழுத்திக் கிடைக்கும் இணைப்பை ஷீட்டில் ஒட்டிவிட்டு, படம் ஏன் போகவில்லை என்று முழிப்பார்கள். அந்த இணைப்பு திறப்பது படத்தை அல்ல, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தை. டெலிகிராமுக்கு அது உதவாது. சொத்து எண்ணின் பெயரிலேயே டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, படங்களுக்கு 01, 02, 03 என்று பெயர் வைத்தால் தீர்ந்தது. ஸ்கிரிப்ட் உங்கள் கணக்கிலேயே ஓடுவதால் ஃபோல்டரை ஊருக்கெல்லாம் திறந்துவிட வேண்டியதில்லை. படத்தை நேரே எடுத்து அனுப்பும். பெயர் வரிசைப்படி அடுக்கச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சாலை முகப்பு இருக்க வேண்டிய இடத்தில் கிணற்றடி வந்து நிற்கும். sendMediaGroup என்ற கட்டளை ஒரு தொகுப்பில் 2 முதல் 10 படங்கள் வரை ஏற்கும். ஒவ்வொரு படமும் 10 எம்பிக்குள் இருக்க வேண்டும். விளம்பர வாசகம் முதல் படத்தோடு போகும். அதற்கு 1,024 எழுத்து வரம்பு.

பதிவு போனதும் டெலிகிராம் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். மொத்த ஏற்பாடும் நிற்பது இந்த எண்ணில்தான். தொகுப்பாக அனுப்பினால் படத்துக்கு ஒன்றாக எண்கள் வரும். வாசகம் முதல் படத்தில் இருப்பதால் முதல் எண்ணைப் பிடித்து, அதே வரிசையில் 'பதிவு எண்' என்ற கட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். கூடவே கடைசியாகப் போட்ட வாசகத்தையும் பக்கத்துக் கட்டத்தில் சேமிக்கலாம். அதன் பிறகு ஸ்கிரிப்ட் எடுக்கும் முடிவு இவ்வளவுதான்:

```
if (!msgId && ready) {
  postNew(row);
} else if (msgId && caption !== lastCaption) {
  editCaption(msgId, caption);
}
```

பதிவு எண் இல்லை, டிக் இருக்கிறது என்றால் புதிதாகப் போடு. எண் இருக்கிறது, வாசகம் மாறியிருக்கிறது என்றால் editMessageCaption கொண்டு பழையதையே திருத்து. இரண்டும் இல்லையென்றால் சும்மா இரு. வாசகம் மாறாமலே திருத்தச் சொன்னால் டெலிகிராம் `message is not modified` என்று திருப்பிவிடும். ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

இதை எப்போது ஓட விடுவது? கட்டத்தில் கை வைத்த உடனே ஓடும்படி அமைக்கலாம். ஆனால் எளிய onEdit ஸ்கிரிப்டுக்கு வெளியிணையத்தோடு பேச அனுமதி கிடையாது. தவிர, 1900 என்று அடிக்கப் போய் 190 என்று விழுந்தால் திருத்துவதற்குள் ஊருக்கே போயிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் டைமர்தான் நல்லது என்பது என் கட்சி. அப்போதும், புதிய விலை பழையதிலிருந்து முப்பது சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் அனுப்பாமல் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் ஒன்று கூடவோ குறையவோ விழுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஒரே சொத்து இரண்டு முறை வெளியாகிவிடுவதும் நடக்கும். பதிவு போன பிறகு, எண்ணை எழுதுவதற்குள் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால், அடுத்த சுற்றில் அது புதிய சொத்தாகவே தெரியும். சேனலில் பதிவு இருக்கிறது, ஷீட்டில் பதிவு எண் காலியாக இருக்கிறது என்றால் இதுதான் நடந்திருக்கும். எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடைசியில் எழுதலாம் என்று விடாமல், ஒவ்வொரு வரிசைக்கும் போட்ட கையோடு எண்ணை எழுதினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இப்போது TJ-042 உரிமையாளர் இறங்கி வருகிறார். சதுர அடி 1800. மொத்தம் 43,20,000 என்று மாறுகிறது, அடுத்த சுற்றில் பழைய பதிவும் திருந்துகிறது. ஆனால் திருத்தத்துக்கு அறிவிப்பு மணி அடிக்காது. விலை குறைந்தது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கே தெரியாமல் போகும். ஆகவே விலை இறங்கினால் மட்டும், திருத்தத்தோடு பழைய பதிவுக்குப் பதிலாக 'விலை குறைந்தது: 45.60 லட்சத்திலிருந்து 43.20 லட்சம்' என்று ஒரு வரியும் போகட்டும். விலை ஏறினால் சத்தமில்லாமல் திருத்தினால் போதும்.

'விற்றது' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுப்பதற்கும் பத்திரம் பதிவதற்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். வங்கிக் கடன் கிடைக்காமலோ வில்லங்கச் சான்றில் ஏதாவது தட்டுப்பட்டோ பேச்சு முறிவதும் உண்டு. அதனால் நிலைக்கு மூன்று சொற்கள் வேண்டும்: விற்பனைக்கு, அட்வான்ஸ் ஆனது, விற்றது. அட்வான்ஸ் ஆனதும் வாசகத்தின் தலையில் அந்தச் சொல் ஏறும். முறிந்தால் ஷீட்டில் மாற்றினால் போதும், இறங்கிவிடும். விற்ற பிறகும் வரிசையை அழிக்கக் கூடாது. அழித்தால் பதிவு எண்ணும் போய்விடும், சேனலில் கிடக்கும் விளம்பரத்துக்கு அதன்பின் நாதி இல்லை.

இவ்வளவு செய்தும் எட்டாத இடம் ஒன்று உண்டு. சேனலிலிருந்து ஒருவர் தன் மச்சானுக்கு ஃபார்வர்டு செய்த பிரதி, மூலப் பதிவு திருந்தினாலும் திருந்தாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே. அதற்காகத்தான் வாசகத்தின் கடைசி வரியில் சொத்து எண்ணும், `t.me/சேனல்பெயர்/பதிவுஎண்` வடிவில் மூலப் பதிவின் இணைப்பும் இருக்க வேண்டும். பதிவு எண் போட்ட பிறகுதானே தெரியும் என்று கேட்கலாம். வாசகத்தை அமைக்கும்போது எண் இருந்தால் இணைப்பைச் சேர் என்று எழுதிவிட்டால், முதல் சுற்றில் இல்லாத இணைப்பு அடுத்த சுற்றில் தானே ஏறிக்கொள்ளும். படம் இரண்டு மாதப் பழசாக இருந்தாலும், தட்டிப் பார்ப்பவருக்கு அன்றைய விலையும் நிலையும் தெரியும்; போன் செய்பவரும் "TJ-042 இருக்குங்களா?" என்றே கேட்பார்.