வாடகைக்குப் போகும் வணிகப் பெயர்

இந்தியக் கடைகளில் ‘கோடாக்’ என்ற பெயரில் விற்கும் டிவியைத் தயாரிப்பது, புகைப்படச் சுருளால் பேர்பெற்ற அந்த அமெரிக்க நிறுவனம் அல்ல. பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்ற சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம். இப்படிப் பெயரைக் கொடுத்து ராயல்டி வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பெயருக்கு உரியவர் பொருளின் தரத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்காவிட்டால் பெயரே கைவிட்டுப் போகும்.

அமெரிக்காவில் 2002-இல் தீர்ப்பான ஒரு ஒயின் வழக்கு இதற்கு நல்ல சான்று. ‘டா வின்சி’ என்ற பெயரைப் பதிவு செய்திருந்த பார்க்கமெரிக்கா நிறுவனம், அதை ரெனேசான்ஸ் என்ற ஒயின் ஆலைக்கு மாதம் 2,500 டாலருக்குக் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தில் தரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தாலியின் வின்சி ஊர் ஒயினை அதே பெயரில் இறக்குமதி செய்தவர்கள் மீது பார்க்கமெரிக்கா வழக்குப் போட்டது. தரத்தை எப்படிக் கவனித்தீர்கள் என்ற கேள்வி எழுந்தது. அவ்வப்போது சுவைத்துப் பார்த்ததாகவும், ஆலையில் புகழ்பெற்ற ஒயின் வல்லுநர் இருந்ததாகவும் பதில் வந்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒயின் நன்றாக இருந்ததா என்பது கேள்வியே அல்ல. அதன் தரத்தை நிலைநிறுத்துவதில் உரிமையாளருக்கு ஏதாவது பங்கு இருந்ததா என்பதே கேள்வி என்றது. வழக்குப் போட்டவரே பெயரை இழந்தார்.

அப்படியானால் உரிமையாளர் என்னதான் செய்ய வேண்டும்? மூலப்பொருள், அளவு, பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு இணைத்த தர விவரக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். தயாரிப்புக்கு முன் மாதிரியையும் பெட்டியின் வடிவமைப்பையும் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு ஆலைக்குப் போய்ப் பார்க்கவும், கடையில் பொருளை வாங்கிச் சோதிக்கவும் உரிமை வேண்டும். கோளாறு பெரும்பாலும் முதல் மாதிரியில் தெரியாது. ஒப்புதல் கிடைத்தபின் மலிவான பாகம் நுழையும். அல்லது வேலை சொல்லாமல் வேறொரு ஆலைக்குக் கைமாறும். ஆகவே எழுத்து அனுமதியின்றித் துணை ஒப்பந்தம் கூடாது என்ற விதியும் அவசியம். உரிமம் முடிந்தபின் மீதிச் சரக்கை எத்தனை நாளுக்குள் விற்கலாம் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடுவது நல்லது; தள்ளுபடிக் கடைகளில் பெயர் மலிவது அந்தக் கட்டத்தில்தான்.

இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில், உரிமம் பெற்றவரைப் பதிவேட்டில் சேர்க்க விண்ணப்பிக்கும்போது, உரிமையாளருக்கு எந்த அளவு கட்டுப்பாடு இருக்கும் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். தரம் பற்றிய ஒப்பந்த விதி நடைமுறையில் இல்லை என்று தெரிந்தால், அந்தப் பதிவைப் பதிவாளர் ரத்து செய்யலாம்.