ஆயிரம் ரூபாயும் ஒரு போன் காலும்

சம்பளத்தைப் பற்றி முதலாளி ஒரு கடிதம் ஒட்டினால் அதை யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. வணக்கத்தையும் நலம் விசாரிப்பையும் தாண்டிக் கண் நேராகத் தொகையைத் தேடிப் போகும். அடுத்து வரும் கேள்வி, “இதுல எதைப் பிடிக்கப் போறாங்க?” என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத கடிதம், எவ்வளவு நல்ல மனதோடு எழுதப்பட்டிருந்தாலும் சந்தேகத்தையே கிளப்பும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர ஊர் ஒன்றில் 14 பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடை. ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 13,000 ரூபாய். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய். வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய சனிக்கிழமை பட்டுச்சேலைப் பிரிவில் இரண்டு பேர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கல்யாண வீட்டார் அரைமணி நேரம் பாயில் உட்கார்ந்துவிட்டு எதிர்க்கடைக்கு எழுந்து போகிறார்கள். அன்று இரவே முதலாளி ஒரு முடிவுக்கு வருகிறார்: தவறாமல் வருகிறவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

பல கடைகளில் முதலில் தோன்றும் திட்டம் ஒன்று உண்டு. 13,000 ரூபாயை இரண்டாக உடைப்பது. 11,500 சம்பளம், 1,500 வருகை ஊக்கத்தொகை. மாதம் முழுவதும் வந்தால் பழைய தொகை அப்படியே கிடைக்கும். முதலாளிக்குக் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள் சம்பளமில்லா லீவு எடுத்த பெண்ணின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊக்கத்தொகை 1,500 போய்விடும். 11,500-ல் ஒரு நாள் சம்பளம் சுமார் 442 ரூபாய், அதுவும் போய்விடும். முன்பு ஒரு நாள் வராவிட்டால் 500 ரூபாய் குறைந்தது. இப்போது 1,942 ரூபாய் குறைகிறது. ஒரு நாள் லீவுக்கு ஏறக்குறைய நாலு நாள் சம்பளம். இதற்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தாலும் உண்மையில் இது அபராதம்தான்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய சம்பளத்தைப் பிடிக்கலாம். அந்த நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஊதியச் சட்டத்தின் பழைய விதி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாங்கனீஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கு ஒன்றில், வருகை போனஸ் என்பது கூடுதலாகக் கொடுக்கப்படும் ஊக்கம், அதைக் குறைந்தபட்ச ஊதியத்தின் பகுதியாகக் கணக்குக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே சம்பளம் கொடுக்கும் கடை, அதை உடைத்து ஒரு பகுதிக்கு ‘ஊக்கத்தொகை’ என்று பெயர் மாற்றினால், மீதமுள்ள சம்பளம் சட்டம் சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கிவிடும்.

ஆகவே ஊக்கத்தொகை, இருக்கிற சம்பளத்துக்கு மேலே வர வேண்டும். அடுத்த கேள்வி, எதற்காக அதைக் கொடுப்பது? அந்தச் சனிக்கிழமையை மறுபடி நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் வராததைவிட, அவர்கள் வரமாட்டார்கள் என்பது காலை பத்து மணி வரை தெரியாததுதான் கடையைக் கவிழ்த்தது. முந்தைய நாள் இரவே தெரிந்திருந்தால் சுடிதார் பிரிவிலிருந்து ஒருவரை மாற்றி நிறுத்தியிருக்கலாம்.

மேலும், லீவு என்பது தொழிலாளிக்குச் சட்டம் தந்த உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அது போக நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். இந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவர் பணத்தை இழக்கிறார் என்றால் கடிதம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. காய்ச்சலோடு வந்து நிற்கும் ஊழியரால் கடைக்கும் லாபமில்லை. அடுத்த வாரம் நாலு பேருக்குக் காய்ச்சல் வரும்.

இதையெல்லாம் யோசித்த பிறகு எழுதப்பட்ட கடிதம் இப்படி இருக்கலாம்:

நம் கடையில் வேலை செய்யும் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் மாதச் சம்பளம் 13,000 ரூபாய் அப்படியே இருக்கும். அதில் எதுவும் குறையாது. அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து, அதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தருகிறோம்.

மாதத்தை நான்கு பகுதியாகப் பிரித்திருக்கிறோம்: 1 முதல் 7 வரை, 8 முதல் 14 வரை, 15 முதல் 21 வரை, 22 முதல் மாதக் கடைசி வரை. ஒரு பகுதியில் சொல்லாமல் லீவு எடுக்காதவருக்கு 250 ரூபாய்.

லீவு வேண்டுமென்றால் முந்தைய நாள் கடை மூடுவதற்குள் சொல்லுங்கள். திடீரென்று உடம்பு முடியாமல் போனால் காலை 8 மணிக்குள் கடை போனுக்குக் கூப்பிட்டால் போதும். உங்களால் பேச முடியாவிட்டால் வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் சரி. இதற்காக டாக்டர் சீட்டு கேட்க மாட்டோம். வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, உங்களுக்குச் சேர வேண்டிய விடுப்பு எதுவும் ஊக்கத்தொகையைக் குறைக்காது. தாமதமாக வருவதும் இதில் சேராது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 3-ஆம் தேதி காய்ச்சல் என்று போன் செய்துவிட்டு நோய் விடுப்பு எடுக்கிறார். 18-ஆம் தேதி சொல்லாமல் வரவில்லை. மூன்றாவது பகுதிக்கான 250 மட்டும் கிடைக்காது. சம்பளம் 13,000-ல் 18-ஆம் தேதிக்கான 500 குறைந்து 12,500, ஊக்கத்தொகை 750, மொத்தம் 13,250. இதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் 100 ரூபாய் போக, கையில் 13,150 கிடைக்கும்.

ஊக்கத்தொகை சம்பளத்தோடு 7-ஆம் தேதிக்குள் வரும். யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பலகையில் எழுத மாட்டோம். ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு உங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்வோம். உங்கள் கணக்கில் சந்தேகம் இருந்தால் வருகைப் பதிவேட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

கடிதம் இவ்வளவுதான். இதில் மாதத்தை நான்காகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. மாதம் முழுவதற்கும் ஒரே தொகை என்றால் 2-ஆம் தேதியே அதைத் தவறவிட்டவருக்கு மீதி 28 நாளும் அந்தத் திட்டம் செத்துப்போன திட்டம். ‘போனது போச்சு’ என்று இன்னும் இரண்டு நாள் சேர்த்து எடுப்பார். பகுதி பகுதியாகக் கொடுத்தால் 8-ஆம் தேதி எல்லோருக்கும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. தாமதத்தை விலக்கியதும் இதே யோசனையில்தான். பஸ் தவறியவர் பத்தரை மணிக்கு வந்தாலும் பணம் கிடைக்காது என்றால், வராமலே இருந்துவிடுவார்.

இ.எஸ்.ஐ. வரி சின்னதாகத் தெரிந்தாலும் அது இருக்கத்தான் வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவரிடம் தொழிலாளி பங்காக 0.75 சதவீதம் பிடிக்கப்படுகிறது. மாதாமாதம் வரும் ஊக்கத்தொகையும் அந்தக் கணக்கில் சேரும். 250 என்று சொல்லிவிட்டுக் கையில் இரண்டு ரூபாய் குறைவாக வந்தால் பேச்சு அந்த இரண்டு ரூபாயைப் பற்றியதாகவே ஆகிவிடும். முதலாளி பக்கம் அதிகபட்சச் செலவு 14 பேருக்கு மாதம் 14,000 ரூபாய், அதற்கு அவர் பங்கான இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 455 ரூபாய். முகூர்த்த நாளில் எழுந்து போன கல்யாண வீட்டாரின் பில்லை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும்.

பணம் கொடுத்தாலே வருகை கூடிவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஜெர்மனியில் ஒரு சில்லறை விற்பனைக் கடைத் தொடரில் பயிற்சி ஊழியர்களுக்கு வருகை போனஸ் கொடுத்து ஆராய்ந்தார்கள். போனஸ் பெறத் தகுதியானவர்களிடம் லீவு குறையவில்லை. ஏறக்குறைய பாதி அளவு கூடியது. வேலைக்கு வருவதற்கே தனியாகப் பணம் தரும்போது, வராமலிருப்பதும் சகஜம்தான் என்ற எண்ணம் பரவிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் ‘லீவு அதிகமாகிவிட்டது’ என்ற புலம்பல் இல்லை. அது பணம் தருவது, தகவல் சொல்லும் பழக்கத்துக்கு.

திட்டம் வேலை செய்கிறதா என்பதை வருகைப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். லீவு என்று குறிக்கும் இடத்தில், சொல்லி எடுத்ததா சொல்லாமல் எடுத்ததா என்று ஓர் எழுத்துச் சேர்த்து எழுதினால் போதும். மூன்று மாதம் கழித்து மொத்த லீவு அப்படியே இருந்து, சொல்லாமல் எடுத்தது மட்டும் குறைந்திருந்தால் திட்டம் பலித்தது என்று பொருள். சொல்லாத லீவு குறையாமல், அதுவும் திங்கட்கிழமைகளிலேயே விழுந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஞாயிறு இரவு பத்தரைக்குக் கடை மூடி, கடைசிப் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேருகிறவருக்கு 250 ரூபாய் மருந்தல்ல. ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் விடுவதுதான் மருந்து.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் முதலாளி செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. கடையில் வேலை செய்யும் ஒருவரிடம் கடிதத்தையும் போன மாதப் பதிவேட்டையும் கொடுத்து, “இதன்படி உனக்கு எவ்வளவு வந்திருக்கும்மா, நீயே போட்டுப் பாரு” என்று கேட்கலாம். அவர் போட்ட தொகையும் முதலாளி போட்ட தொகையும் ஒன்றாக வந்தால் ஒட்டலாம். வேறுபட்டால் திருத்த வேண்டியது கடிதத்தைத்தான்.