புன்னெட் கட்டத்தைப் படித்து அட்டவணை ஆக்குவது எப்படி?

உயிரியல் வகுப்பு முடியப் போகிறது. கரும்பலகையில் ஆசிரியர் பதினாறு அறைகள் கொண்ட ஒரு கட்டத்தை வரைந்திருக்கிறார். அதை எழுதிக்கொள்ள நேரமில்லை. யாரோ ஒருவர் கைபேசியில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறார். வீட்டுப் பாடமோ ஒரே வரிதான்: "இக்கலப்பின் மரபணு அமைப்புகள், புறத்தோற்றங்கள், விகிதங்கள் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக."

படத்தைப் பார்த்தவுடன் 9 : 3 : 3 : 1 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அது விடையின் ஒரு பாதிதான். மறு பாதியில் பிழை செய்தாலும் இந்த விகிதம் சரியாகவே வந்து நம்மை ஏமாற்றிவிடக்கூடும். அது எப்படி என்று பார்ப்போம்.

படத்தில் இருப்பது என்ன?

நாம் எடுத்துக்கொள்ளும் கலப்பு, மெண்டல் பட்டாணிச் செடிகளில் செய்த புகழ்பெற்ற இருபண்புக் கலப்பு. உருண்டையான மஞ்சள் விதை தரும் தூய செடியையும், சுருங்கிய பச்சை விதை தரும் தூய செடியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை விதைகள் எல்லாமே உருண்டையாகவும் மஞ்சளாகவும் இருந்தன. அவற்றை விதைத்து வளர்த்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது கிடைத்ததே இரண்டாம் தலைமுறை. நம் கட்டம் காட்டுவது அந்த இரண்டாம் தலைமுறையைத்தான்.

உருண்டை வடிவத்துக்கு R, சுருங்கிய வடிவத்துக்கு r, மஞ்சள் நிறத்துக்கு Y, பச்சை நிறத்துக்கு y என்று குறியீடுகள். பெரிய எழுத்து ஓங்கு பண்பையும் சிறிய எழுத்து ஒடுங்கு பண்பையும் குறிக்கும். முதல் தலைமுறைச் செடி RrYy. அதன் ஒவ்வொரு இனச்செல்லுக்கும் வடிவத்துக்கு ஓர் எழுத்து, நிறத்துக்கு ஓர் எழுத்து மட்டுமே போகும். ஆகவே RY, Ry, rY, ry என நான்கு வகை இனச்செல்கள் உண்டாகின்றன. மகரந்தத்தின் இனச்செல்கள் மேல்வரிசையிலும், சூலின் இனச்செல்கள் இடப்பக்கத்திலும் எழுதப்பட்டுள்ளன. படத்தில் தெரிவது இதுதான்:

| | RY | Ry | rY | ry |
|---|---|---|---|---|
| RY | RRYY | RRYy | RrYY | RrYy |
| Ry | RRyY | RRyy | RryY | ? |
| rY | rRYY | rRYy | rrYY | rrYy |
| ry | rRyY | ? | rryY | rryy |

கேள்விக்குறி இட்ட இரண்டு அறைகளில் சன்னல் வெளிச்சம் பட்டு எழுத்துகள் மறைந்துவிட்டன.

முதல் வேலை: தலைப்புகளைச் சரிபார்த்தல்

அறைகளுக்குள் நுழையும் முன் விளிம்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் R வகையில் ஓர் எழுத்தும் Y வகையில் ஓர் எழுத்தும் இருக்க வேண்டும். எங்காவது Rr என்று தலைப்பு தெரிந்தால், நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள் அல்லது எழுதியவர் தவறாக எழுதியிருக்கிறார். ஏனென்றால், ஓர் இனச்செல்லில் ஒரே பண்புக்கு இரண்டு எழுத்துகள் இருக்க முடியாது. நான்கு தலைப்புகளும் வெவ்வேறாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தலைப்புகள் தெளிவாக இருந்தால், மறைந்த அறைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓர் அறை என்பது அதன் இடப்பக்கத் தலைப்பும் மேல் தலைப்பும் சேர்ந்ததே. முதல் கேள்விக்குறி Ry வரிசையும் ry பத்தியும் சந்திக்கும் இடம். எனவே அது Rryy. இரண்டாவது, ry வரிசையும் Ry பத்தியும் சந்திக்கும் இடம், அது rRyy. இவ்விரண்டையும் நிரப்பாமல் விட்டிருந்தால், உருண்டைப் பச்சை விதை மூன்றுக்குப் பதிலாக ஒன்று என்று வந்திருக்கும்.

படம் பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் இக்கலப்பில் கவலையில்லை. மகரந்தமும் சூலும் இடம் மாறும். இரண்டிலும் அதே நான்கு இனச்செல்கள்தாம் என்பதால் எண்ணிக்கை மாறாது.

இரண்டாவது வேலை: ஒரே முறையில் எழுதுதல்

இப்போது பதினாறு அறைகளையும் கூர்ந்து பாருங்கள். எழுதப்பட்டுள்ளபடி எடுத்துக்கொண்டால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை! RRYy என்றும் RRyY என்றும், RrYy, RryY, rRYy, rRyY என்றும் இருக்கின்றன. இவற்றை அப்படியே பட்டியலிட்டால் பதினாறு மரபணு அமைப்புகள் என்ற தவறான விடை வரும்.

உண்மையில் RrYy, rRyY இரண்டும் ஒன்றே. எந்த எழுத்து தாயிடமிருந்து வந்தது, எது தந்தையிடமிருந்து வந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு. விதையில் உள்ள மரபணுக்கள் அவையேதாம். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்வோம். வடிவத்தின் எழுத்துகள் முதலில், நிறத்தின் எழுத்துகள் அடுத்து. ஒவ்வொரு ஜோடியிலும் பெரிய எழுத்து முன்னால். இந்த விதிப்படி திருத்தி எழுதினால் பதினாறு அறைகளும் ஒன்பது மரபணு அமைப்புகளுக்குள் அடங்கிவிடும்.

ஓர் அறையைத் திருத்தி எழுதியதும் அதன்மேல் சிறு கோடு போட்டு, உரிய அமைப்பின் எதிரே ஒரு புள்ளி வையுங்கள். எந்த அறையும் இரண்டு முறை எண்ணப்படாது. எதுவும் விட்டுப் போகாது.

மூன்றாவது வேலை: புறத்தோற்றம் காணல்

ஓர் R இருந்தாலே விதை உருண்டை. rr ஆக இருந்தால்தான் சுருங்கியது. ஒரு Y இருந்தாலே மஞ்சள். yy ஆக இருந்தால்தான் பச்சை. இதைக் கொண்டு ஒன்பது அமைப்புகளையும் நான்கு தோற்றங்களாகத் தொகுத்தால் நாம் தேடிய அட்டவணை கிடைத்துவிடும்.

| புறத்தோற்றம் | மரபணு அமைப்பு | அறைகள் | தோற்ற விகிதம் |
|---|---|---|---|
| உருண்டை, மஞ்சள் | RRYY | 1 | |
| | RRYy | 2 | |
| | RrYY | 2 | |
| | RrYy | 4 | 9 |
| உருண்டை, பச்சை | RRyy | 1 | |
| | Rryy | 2 | 3 |
| சுருங்கியது, மஞ்சள் | rrYY | 1 | |
| | rrYy | 2 | 3 |
| சுருங்கியது, பச்சை | rryy | 1 | 1 |
| மொத்தம் | | 16 | 16 |

மரபணு அமைப்புகளின் விகிதம் 1 : 2 : 2 : 4 : 1 : 2 : 1 : 2 : 1. புறத்தோற்றங்களின் விகிதம் 9 : 3 : 3 : 1.

மறைந்திருக்கும் பிழை

மொத்தம் பதினாறு வந்துவிட்டது. 9 : 3 : 3 : 1 என்ற விகிதமும் வந்துவிட்டது. இனிச் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கையெழுத்தில் Y என்ற பெரிய எழுத்தும் y என்ற சிறிய எழுத்தும் மிகவும் ஒத்திருக்கும். மங்கலான படத்தில், முதல் வரிசையின் இரண்டாம் அறையிலுள்ள RRYy என்பதை RRYY என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது RRYY இரண்டு அறைகள், RRYy ஓர் அறை. மொத்தம் அதே பதினாறு. இரண்டுமே உருண்டை மஞ்சள் என்பதால் 9 : 3 : 3 : 1 என்ற விகிதமும் கலையவில்லை! பிழை ஓங்கு பண்பின் பின்னால் ஒளிந்துகொண்டது.

இதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எழுத்துகளை எண்ணுங்கள். பெற்றோர் இருவரும் RrYy என்பதால் இனச்செல்களில் பாதி R, பாதி r. கட்டம் முழுவதும் வடிவத்துக்கு 32 எழுத்துகள். அவற்றில் R 16, r 16 இருந்தாக வேண்டும். அவ்வாறே Y 16, y 16. மேற்கண்ட பிழையில் Y 17 ஆகவும் y 15 ஆகவும் வரும். எந்த அறையில் தவறு என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வோர் அறையையும் அதன் தலைப்புகளோடு ஒப்பிட்டால் போதும்.

கண்ணால் பார்த்தே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. இரு பக்கமும் தலைப்புகள் ஒரே வரிசையில் இருந்தால், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தில் RRYY, RRyy, rrYY, rryy என்ற நான்கு தூய வகைகளும் இருக்கும். மற்ற மூலைவிட்டத்தின் நான்கு அறைகளும் RrYy ஆகவே இருக்கும்.

மெண்டலின் எண்கள்

கட்டத்தை அமைத்தவர் ரெஜினால்டு புன்னெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. மெண்டலின் காலத்தில் அது இல்லை. 1866-இல் அச்சான தம் கட்டுரையில் மெண்டல் தந்தவை, எண்ணிப் பார்த்த விதைகளே. 15 செடிகளிலிருந்து அவருக்கு 556 விதைகள் கிடைத்தன. உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. 556-ஐ 16 ஆல் வகுத்தால் 34.75. அட்டவணைப்படி வர வேண்டியவை முறையே ஏறத்தாழ 313, 104, 104, 35. எவ்வளவு நெருக்கம், பாருங்கள்!

ஆனால் உருண்டை மஞ்சள் விதையைப் பார்த்து, அது RRYY-யா, RrYy-யா என்று எப்படிச் சொல்வது? கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மெண்டல் அடுத்த ஆண்டு அந்த விதைகளையெல்லாம் விதைத்து, ஒவ்வொரு செடியும் தரும் விதைகளைப் பார்த்தார். உருண்டை மஞ்சள் விதைகளை மட்டுமே தந்த செடி RRYY. நான்கு வகை விதைகளையும் தந்த செடி RrYy. 529 செடிகள் விதை தந்தன. அவற்றில் RRYY 38, RRYy 65, RrYY 60, RrYy 138, RRyy 35, Rryy 67, rrYY 28, rrYy 68, rryy 30. நம் அட்டவணையின் ஓர் அறைக்கு 33 செடிகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் அறை உள்ளவை 33-ஐயும், இரண்டு அறை உள்ளவை 66-ஐயும், நான்கு அறை உள்ளது 132-ஐயும் ஒட்டியே வந்திருக்கின்றன.

மேலே சொன்ன Y, y பிழையைச் செய்தவரின் அட்டவணைப்படி RRYY 66 செடிகளும் RRYy 33 செடிகளும் இருக்க வேண்டும். தோட்டத்தில் இருந்தவை 38-உம் 65-உம். விதைகளின் தோற்றத்தில் தெரியாத பிழை, அடுத்த தலைமுறையில் இப்படி வெளிப்பட்டுவிடும்.

கட்டம் பொய்க்கும் இடம்

ஒவ்வொரு தலைப்பும் சம அளவில் உண்டாகிறது என்பதே கட்டத்தின் அடிப்படை. இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் அது நடக்காது. அவை பெரும்பாலும் சேர்ந்தே இனச்செல்லுக்குள் போகும். இதைப் புன்னெட்டே பேட்சனுடன் சேர்ந்து அழகுப் பட்டாணிச் செடிகளில் கண்டார். ஊதாப் பூவும் நீண்ட மகரந்தமும் உள்ளவை 284, ஊதாவும் உருண்டை மகரந்தமும் 21, சிவப்பும் நீண்ட மகரந்தமும் 21, சிவப்பும் உருண்டை மகரந்தமும் 55. மொத்தம் 381 செடிகள். கட்டத்தின்படி வர வேண்டியவையோ ஏறத்தாழ 214, 71, 71, 24. ஆகவே வினாவில் விதைகளின் எண்ணிக்கை தரப்பட்டிருந்தால், விகிதத்தை எழுதுவதோடு நிறுத்தாமல் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

RrYy செடியை rrYy செடியுடன் கலந்தால், இரண்டாவது செடி rY, ry என்ற இரு வகை இனச்செல்களையே தரும். கட்டத்தில் எட்டே அறைகள். மேற்சொன்ன முறையில் அட்டவணை தயாரியுங்கள். எழுத்துகளை எண்ணினால் R 4, r 12, Y 8, y 8 வர வேண்டும். புறத்தோற்ற விகிதம் 3 : 1 : 3 : 1 என்று வந்ததா?