ஜிம்மை விட்டாயிற்று, பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது

என் தம்பி மார்ச் 20-ஆம் தேதி, தான் போய்க்கொண்டிருந்த ஜிம்முக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினான்: "இனி வரப்போவதில்லை, மெம்பர்ஷிப்பை கேன்சல் செய்துவிடுங்கள்." "மேனேஜரிடம் சொல்கிறேன் சார்" என்று பதிலும் வந்தது. ஆனால் ஏப்ரல் 5, மே 5, ஜூன் 5 என மூன்று மாதமும் அவன் கணக்கிலிருந்து 1,800 ரூபாய் பிடிக்கப்பட்டது. நடுவில் இரண்டு முறை போன் செய்தான். மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள்.

ஜூன் 6-ஆம் தேதி கோபத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதி என்னிடம் காட்டினான். "ஏமாற்றுக்காரர்கள்" என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. தேதி ஒன்றுகூட இல்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு, சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுக்கச் சொன்னேன்.

அதில், விலகுவதற்கு 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. மார்ச் 20-இலிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 19. அப்படியானால் ஏப்ரல் 5-ஆம் தேதி பிடித்ததைத் தவறு என்று சொல்ல முடியாது. மே, ஜூன் இரண்டும்தான் தவறு. கேட்க வேண்டியது 5,400 அல்ல, 3,600. நியாயமான தொகையை மட்டும் கேட்கும் கடிதத்தை மறுப்பது கடினம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மெம்பர்ஷிப் என்பது ஜிம்மோடு நாம் செய்த ஒப்பந்தம். ஆட்டோபே என்பது பணம் எடுக்க நம் வங்கிக்கு நாம் தந்த அனுமதி. ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக நிற்காது. ஆட்டோபேயை ரத்து செய்ய ஜிம்மின் சம்மதம் தேவையில்லை. யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, அந்த ஜிம்மின் பெயரைத் தேர்ந்து, ரகசிய எண்ணைப் போட்டால் முடிந்தது. கார்டு வழியாகப் போகிறதென்றால் வங்கியிடம் ரத்து செய்யலாம். இப்படிப்பட்ட பிடித்தங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ் வந்தபோதே தம்பி பார்த்திருந்தால் மே மாதமே தடுத்திருக்கலாம்.

அன்றே ஆட்டோபேயை ரத்து செய்துவிட்டு, இப்படி எழுதி ஜிம்மின் மின்னஞ்சலுக்கும் அதே வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பினோம்:

"வணக்கம். என் உறுப்பினர் எண், பதிவு செய்த போன் எண் கீழே உள்ளன. மார்ச் 20 அன்று விலகல் தெரிவித்தேன். அன்றே உங்கள் பதிலும் வந்தது. 30 நாள் முன்னறிவிப்பின்படி என் உறுப்பினர் காலம் ஏப்ரல் 19-இல் முடிந்தது. அதற்குப் பிறகு மே 5, ஜூன் 5 தேதிகளில் தலா 1,800 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். மொத்தம் 3,600 ரூபாயை 7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பி, உறுப்பினர் கணக்கு மூடப்பட்டதை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டோபே அனுமதியை இன்று ரத்து செய்துவிட்டேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்வேன். வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டும் வங்கிக் கணக்கு விவரமும் இணைப்பில் உள்ளன."

இதில் கோபம் இல்லை, ஆனால் விட்டுக்கொடுத்தலும் இல்லை. நாளைக்கு மூன்றாம் மனிதர் ஒருவர் படித்தாலும் என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று புரிந்துவிடும். "மூடப்பட்டதை எழுத்தில்" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. ஆட்டோபேயை மட்டும் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால், மாதக் கட்டணம் பாக்கி என்று ஜிம் பின்னால் கேட்க இடமிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. சில ஜிம்களில் ஆண்டுக் கட்டணத்தை மாதத் தவணையாகப் பிரித்துத் தருவார்கள். அந்தப் பணத்தைப் பிடிப்பது ஜிம்மா, கடன் நிறுவனமா என்று வங்கிக் கணக்கில் பெயரைப் பாருங்கள். கடன் நிறுவனம் என்றால் அது இஎம்ஐ. நீங்களாக நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். அப்போது ஜிம்முக்கும் கடன் நிறுவனத்துக்கும் சேர்த்தே எழுதி, கடனை மூட வைக்க வேண்டும்.

1915-இலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

தம்பிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆறாம் நாள் 3,600 ரூபாய் கணக்குக்கு வந்தது. நீங்களும் ஜிம்மை விடுவதென்று முடிவு செய்தால், விலகல் தகவலை எழுத்தில் அனுப்புங்கள். முன்னறிவிப்புக் காலத்துக்கான கட்டணம் போனதும், அடுத்த பிடித்தத்துக்குக் காத்திராமல் ஆட்டோபேயை நீங்களே மூடிவிடுங்கள்.