முற்றுப்புள்ளியில் நுழைபவர்

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. அடுத்த ஆறு வாரம் யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச அண்ணன், தங்கை, தம்பி மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கை ஆரம்பிக்கிறாள்: "பிசியோதெரபிக்கு அடிக்கடி போகணும். என் வீட்ல லிஃப்ட் இருக்கு." மூச்சு வாங்குகிறாள். அதற்குள் அண்ணன், "லிஃப்ட்டை விடு. நீ ஆபீஸ் போயிட்டா அம்மாவை யார் பாத்துப்பா?" என்கிறார். பகலில் உடனிருக்க ஓர் அம்மாளிடம் பேசி வைத்திருக்கிறாள் தங்கை. அதைச் சொல்ல வாயெடுத்ததும் மறுபடி தடை. மூன்றாவது முறை, "நீங்க என்னிக்குத்தான் என்னைப் பேச விட்டீங்க?" என்று வெடிக்கிறாள். அதோடு பேச்சு அம்மாவின் முழங்காலை விட்டுவிட்டுப் பழைய கணக்குகளுக்குப் போய்விடுகிறது.

அண்ணன் எந்த இடத்தில் நுழைந்தார் என்று கவனியுங்கள். "இருக்கு" என்று வாக்கியம் முடிந்த இடத்தில். உரையாடலில் ஒருவர் மாற்றி ஒருவர் எப்படிப் பேசுகிறோம் என்பதை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1974இல் எழுதினார்கள். ஒரு வாக்கியம் முடிவதாகத் தோன்றும் இடமே அடுத்தவர் உள்ளே வரும் வாசல் என்பது அவர்கள் கண்டது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் சராசரியாக ஐந்தில் ஒரு நொடிதான் இடைவெளி இருந்தது. நீங்கள் மூச்சு வாங்கும் நேரமே அடுத்தவருக்குத் தாராளம்.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. நம் வாக்கியத்தை முடித்து வைப்பது கடைசியில் வரும் வினைமுற்று. "லிஃப்ட் இருக்கு" என்றால் கதவு திறந்துவிட்டது. "லிஃப்ட் இருக்கறதால..." என்றால் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. மூச்சை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட உறுதியான வழி, முதலிலேயே எண்ணிக்கை சொல்லிவிடுவது: "அண்ணா, ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு படிக்கட்டு, இன்னொண்ணு பகல்ல யார் பாத்துக்கறதுங்கறது." இரண்டாவது வரும் என்று தெரிந்தவர் முதலாவதோடு குதிப்பது குறையும்.

ஊடே வரும் பேச்செல்லாம் குறுக்கீடும் அல்ல. மொழியியலாளர் டெபோரா டானன் 1978இல் ஒரு விருந்து மேசைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். சிலர் கூடவே பேசுவது ஆர்வத்தால்தான் என்றும், அப்படிப் பழகாதவருக்கே அது வெட்டாகப் படுகிறது என்றும் விளக்கினார். கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அவர் நுழைந்த பிறகு பேச்சு உங்கள் விஷயத்திலேயே இருக்கிறதா, அவர் விஷயத்துக்குப் போய்விட்டதா? "ஆமா, அங்க படியே இல்லல்ல" என்பது துணை. அதைப் பொருட்படுத்தாமல் தொடரலாம். "லிஃப்ட்டை விடு" என்பது வெட்டு.

வெட்டு விழும்போது குரலை உயர்த்தாதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பெரும்பாலும் சில அசைகளுக்குள் ஒருவர் நிறுத்திவிடுவார். அதே குரலில், அதே வேகத்தில் தொடங்கிய வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். அவர் விடவில்லையென்றால் அவருடைய வினைமுற்று வரும்வரை பொறுத்து, பிறகு சொல்லுங்கள்: "அண்ணா, பகல்ல யாருன்னு கேட்டீங்க. அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். இதை முடிச்சுடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க." அவர் சொன்னது காதில் விழுந்தது என்பது முதலில் வருகிறது, உங்கள் உரிமை நடுவில், அவருடைய முறை கடைசியில். அந்தக் கடைசிப் பகுதி ஒரு கடன். முடித்ததும் "இப்ப சொல்லுங்கண்ணா" என்று நீங்களே அதைத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் இதே வார்த்தை அடுத்த முறை எடுபடாது.

இரண்டு தடவை இப்படிச் சொல்லியும் நிற்கவில்லையென்றால் மூன்றாவது தடவை நீங்கள் சொல்லாதீர்கள்; வேறொருவர் சொல்லட்டும். வீட்டில் தம்பி, அலுவலகத்தில் கூட்டத்தை நடத்துபவர். "அவங்க சொன்னது பாதியில நிக்குது, முடிக்கட்டும்" என்பது அவர்கள் வாயில் நியாயமாகவும், உங்கள் வாயில் புகாராகவும் ஒலிக்கும். கூட்டத்துக்கு முன்பே நடத்துபவரிடம் இதைக் கேட்டு வைக்கலாம்.

பேசுபவர் எவ்வளவு பெரியவரானாலும் சில இடங்களில் முறைதான் மாற வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகளின் பேச்சே அதிகம் வெட்டப்படுவதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. 2021இல் அங்கே பணிமூப்பு வரிசைப்படி ஒவ்வொரு நீதிபதியும் கேள்வி கேட்கும் சுற்று ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த ஆய்வும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயரே சொன்னார்.

அந்தக் கூடத்திலும் அது நடக்கும். "ஒவ்வொருத்தரா சொல்லிடலாம், அக்கா முதல்ல" என்று தம்பி ஆரம்பித்தால் போதும். தங்கை இரண்டு விஷயத்தையும் சொல்லி முடித்து, "இப்ப நீங்க சொல்லுங்கண்ணா" என்பாள். "ராத்திரி அம்மா எழுந்தா யார் பிடிச்சுப்பா, அதான் எனக்குப் பயம்" என்பார் அண்ணன். இவ்வளவு நேரம் அவரை இடையிடையே பேச வைத்தது அந்தப் பயம். அதற்குப் பதில் தேட மூவருக்கும் இப்போது நேரம் இருக்கிறது.